ஊர் நினைப்பு வந்தாலும் படிப்பு நிற்காமல் இருக்க: சேலத்தில் தங்கிப் படிப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அரூர், ஆத்தூர், நாமக்கல், தருமபுரி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து சேலத்துக்கு வந்து தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஊர் ஒன்றும் தூரமில்லை. புதிய பேருந்து நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வீட்டு வாசல். இப்படிப் பக்கத்தில் இருப்பதுதான் இவர்களுக்குப் பெரிய சிக்கல். ராஜஸ்தான் கோட்டாவுக்கோ தில்லிக்கோ போனவருக்கு அடுத்து எப்போது ஊர் என்பது டிக்கெட் எடுத்த அன்றே தெரிந்துவிடும். சேலத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "போலாமா, வேணாமா" என்ற கேள்வி புதிதாக முளைக்கும். வியாழக்கிழமையே மனசு பேருந்தில் ஏறிவிடும்.

நான் இங்கே நீட் மாணவர்களுக்கு உயிரியல் நடத்துகிறேன். ஊர் ஏக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு நாள் முழுக்கப் படிப்பு போவதில்லை. வகுப்பில் ஆசிரியர் முன்னால் நிற்கும்போது, பக்கத்தில் நாலு பேர் எழுதும்போது பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். அறுபடுவது மூன்று இடங்களில்: வகுப்பு முடிந்து விடுதிக்குத் திரும்பிய மாலை, வீட்டுக்குப் பேசி முடித்த பிறகு, ஊருக்குப் போய்விட்டு வந்த மறுநாள். இந்த மூன்றையும் சரிசெய்தால் மற்ற நேரம் தானாகச் சரியாகும். அதனால் இங்கே சொல்லப்போவதும் இந்த மூன்றைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு ஒரு மாணவி. அரூர் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நீட் இரண்டாம் முறை எழுத ஒரு வருடம் சேலத்தில். ஐந்து ரோடு பக்கத்தில் பெண்கள் விடுதி, மூன்று பேர் அறை. காலை எட்டரைக்கு வகுப்பு, மாலை நாலரைக்கு முடியும். வந்த மூன்றாவது வாரத்தில் என்னிடம் வந்து, "சார், சாயங்காலம் அஞ்சு மணி நேரம் புக்க தொறந்து வச்சு உக்காந்திருக்கேன். ஒண்ணுமே ஏற மாட்டேங்குது" என்றாள். அவள் சோம்பேறி இல்லை. வகுப்புத் தேர்வில் அன்றன்றைக்கு நடத்தியதைச் சரியாக எழுதுவாள். பழைய பாடம் வந்தால்தான் தடுமாறுவாள். அதாவது வகுப்பில் கேட்டது நிற்கிறது, விடுதியில் தானாகப் படிக்க வேண்டியது நடக்கவில்லை.

முதலில் கால அட்டவணை போடாதீர்கள்

இந்த நிலையில் எல்லோரும் செய்வது, அரைமணிக்கு அரைமணி கட்டம் போட்டு வண்ணப் பேனாவில் புதிய அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவது. இரண்டு நாளில் அது தவறும். தவறியதே இன்னொரு பாரமாகும். அட்டவணைக்கு முன்னால், நேரம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் போதும். படிக்க உட்காரும்போது நோட்டின் ஓரத்தில் நேரத்தை எழுதுங்கள். மனசு வீட்டுக்குப் போனதைக் கவனித்த ஒவ்வொரு முறையும் அந்த ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். என்ன நினைத்தேன் என்றெல்லாம் எழுத வேண்டாம், எழுதினால் அதிலேயே மூழ்கிவிடுவீர்கள். புள்ளி மட்டும் வைத்துவிட்டு விட்ட வரிக்குத் திரும்புங்கள். எழுந்திருக்கும்போது மறுபடி நேரம் எழுதுங்கள்.

இது சும்மா கணக்குக்காக இல்லை. ஷெர்லி ஃபிஷர், புரூஸ் ஹூட் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரிட்டனில் புதிதாகப் பல்கலைக்கழகம் சேர்ந்த மாணவர்களை ஆராய்ந்து 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஊர் ஏக்கம் இருப்பவர்களிடம் ஞாபகப் பிசகும் கவனச் சிதறலும் கூடுதலாக இருந்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. ஆகவே "எனக்கு மூளை மங்கிப்போச்சு", "இந்தப் படிப்புக்கு நான் லாயக்கில்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் புள்ளிகளைப் பாருங்கள். எல்லா நேரமும் ஒரே அளவில் புள்ளி விழாது.

அந்த மாணவியின் நோட்டில் மாலை ஆறிலிருந்து ஏழரை வரை ஓரம் முழுக்கப் புள்ளி. ஞாயிறு மதியமும் அப்படியே. ஒரு திங்கட்கிழமை முழு நாளும் புள்ளியாக இருந்தது. அதற்கு முந்தின நாள் ஊருக்குப் போய் வந்திருந்தாள். ஆனால் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை மொத்தமே இரண்டு மூன்று புள்ளிதான். அவள் "அஞ்சு மணி நேரம்" என்று சொன்னதில் உண்மையில் கெட்டுப்போனது ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தின் அலுப்பு மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

மாலை நேரத்துக்கு எந்த வேலை

விளக்கு வைக்கிற நேரம் வீட்டில் எல்லோரும் கூடுகிற நேரம். அந்நேரம் விடுதி அறையில் தனியாக உட்கார்ந்தால் நினைப்பு வராமல் இருக்காது. அதை அடக்கப் பார்க்க வேண்டாம். அந்த நேரத்தில் செய்கிற வேலையை மாற்றினால் போதும்.

வாசிப்பது என்பது கண் ஒரு பக்கம் ஓட, மனசு இன்னொரு பக்கம் ஓட இடம் கொடுக்கிற வேலை. ஒரே பத்தியை நாலு தடவை படித்திருப்பீர்கள், என்ன படித்தோம் என்று தெரியாது. கை ஓடுகிற வேலையில் அது நடப்பது கஷ்டம். ஆகவே புள்ளி அதிகம் விழுகிற நேரத்துக்குப் புதுப் பாடம் வாசிப்பதை வைக்கவே கூடாது. கையால் எழுதி முடிக்கிற, முடிந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிகிற வேலையை வையுங்கள். இயற்பியல் கணக்கு, வேதியியல் சமன்பாடு சமன் செய்வது, தேர்வில் தப்பான கேள்விகளைத் தனி நோட்டில் மறுபடி போடுவது, இப்படி. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்றால் பழைய வினாத்தாளில் திறனறிக் கணக்குகள்.

உயிரியலில் நான் கொடுத்தது இதுதான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சிறுநீரக நெஃப்ரானை நினைவிலிருந்து வரைய வேண்டும். பௌமானின் கிண்ணத்தில் தொடங்கி, ஹென்லே வளைவில் இறங்கி ஏறி, சேகரிப்புக் குழாய் வரை. ஒவ்வொரு பகுதியிலும் எது உறிஞ்சப்படுகிறது என்று அம்புக்குறி போட வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேர்க்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம். அடுத்த நாள் அதே படம் மறுபடி. அந்த நேரத்தில் கண்ணீர் வந்தாலும் பேனா நகரும். அவள் அப்படியே சொன்னாள், "அழுதுக்கிட்டே தான் சார் வரஞ்சேன், ஆனா முடிச்சிட்டேன்."

இருபத்தைந்து நிமிடம், ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது, மறுபடி இருபத்தைந்து. மாலையில் இப்படி இரண்டு சுற்று போதும். மூன்றாவதுக்கு ஆசைப்பட வேண்டாம். புதுப் பாடத்தை, கடினமான வாசிப்பைப் புள்ளி குறைந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். அவளுக்கு அது காலை ஐந்தரை. உங்களுக்கு இரவு ஒன்பதாக இருக்கலாம். உங்கள் நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து இல்லை.

இடமும் முக்கியம். விடுதியில் பலருக்குக் கட்டில்தான் எல்லாம். படுப்பதும் அங்கே, வீட்டுக்குப் பேசுவதும் அங்கே, அழுவதும் அங்கே, படிப்பதும் அங்கே. கட்டிலில் உட்கார்ந்ததும் மனசு எதைத் தொடங்குவது என்று தானே முடிவெடுத்துவிடும். விடுதியில் படிப்பறை இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை காலியாக இருக்கும் நேரத்தை விடுதிக் காப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மாவட்ட மைய நூலகம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. எதுவுமே இல்லையென்றால், கட்டிலுக்கு முதுகு காட்டித் தரையில் பாய் போட்டு, மடக்கு மேசை வைத்து உட்காருங்கள்.

வகுப்பு முடிந்து நேராக அறைக்குப் போகாதீர்கள். நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் வெளியில், ஆட்கள் நடுவில் அரைமணி நேரம் இருக்க வேண்டும். அறைத்தோழியோடு நடந்து போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வருவது போதும். தினமும் அதே தெரு, அதே கடை என்றால் இன்னும் நல்லது. கடைக்காரர் "இன்னிக்கு காரம் கம்மியா பாப்பா?" என்று கேட்கிற நாள் வந்துவிட்டால் அந்தத் தெரு உங்களுக்குச் சொந்தமாகத் தொடங்கிவிட்டது. இதைப் படிப்பு நேரத்தில் கழிக்காதீர்கள், இதுவும் படிப்புக்கான வேலைதான்.

வீட்டுக்கு எப்போது பேசுவது

பேசுவதைக் குறைக்கச் சொல்லப்போவதில்லை. நேரத்தை மாற்றத்தான் சொல்கிறேன்.

அந்த மாணவி வகுப்பு முடிந்து ஐந்தரைக்கு அம்மாவுக்குப் பேசுவாள். "சாப்ட்டியா பாப்பா?" என்று தொடங்கும். மாடு கன்று போட்டது, தம்பி பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி, பாட்டியின் முட்டிவலி என்று முக்கால் மணி நேரம் போகும். வைக்கும்போது அம்மாவின் குரல் கம்மும். அதற்கப்புறம் ஆறு மணிக்கு அவள் எப்படிப் படிப்பாள்? புள்ளிகள் எங்கே குவிந்திருந்தன என்று பார்த்தீர்கள் அல்லவா?

நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். முதல் இரண்டு சுற்றுப் படிப்பை முடித்துவிட்டு, இரவுச் சாப்பாடும் ஆன பிறகு எட்டேகாலுக்கு அழைப்பு. கால் மணி நேரம். தினமும் அதே நேரம். நேரம் உறுதியாக இருந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி. நடுவில் அழைப்பு வரவில்லையே என்று அம்மாவும் தவிக்க மாட்டார், எடுக்கலாமா என்று பிள்ளையும் தவிக்காது. படுக்கப் போகிற நேரத்துக்கு ஒட்டி வைக்க வேண்டாம். பேசிவிட்டு விளக்கை அணைத்தால் தூக்கம் கெடும். பேசிய பிறகு குறைந்தது ஒரு சுற்றாவது படிப்பு இருக்கட்டும்.

பேசி முடித்ததும் திரும்பி வருவதற்கு ஒரு வழி முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். அழைப்புக்கு முன்னால் ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்துங்கள். கொடுத்ததை எழுதி, சூத்திரத்தையும் எழுதி, எண்களைப் போடாமல் விட்டுவிடுங்கள். நோட்டைத் திறந்தே வைத்து, பேனாவை மேலே வைத்துவிட்டுப் பேசப் போங்கள். திரும்பி வந்ததும் "என்ன படிக்கலாம்" என்று யோசிக்க வேண்டிய அவசியம் இருக்காது. யோசிக்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் கை மறுபடி போனுக்குப் போகும்.

சில விடுதிகளில் போனை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் தருவார்கள், அதுவும் ஆறிலிருந்து ஏழு என்று இருக்கும். அப்படியானால் நேரம் மாற்றித் தர முடியுமா என்று பெற்றோரை விட்டுக் காப்பாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றால், அந்த ஒரு மணி நேரத்தின் தொடக்கத்திலேயே பேசி முடித்து, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, ஒரு நடை நடந்துவிட்டு, பாதியில் விட்ட கணக்குக்குப் போங்கள். மிச்ச நேரத்தைப் பழைய புகைப்படங்களைத் தள்ளிப் பார்ப்பதில் கழித்தால் அன்றைய மாலை போனதுதான்.

பெற்றோருக்கும் ஒன்று. "எப்படிப்பா இருக்க, கஷ்டமா இருக்கா" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளை கஷ்டத்தைத் தேடிச் சொல்லும், இல்லாவிட்டால் மறைக்கும். "இன்னிக்கு என்ன குழம்பு, எதிர்க் கட்டில் பிள்ள ஊருக்குப் போயிருச்சா" என்று அங்கே நடப்பதைக் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மறைக்க வேண்டாம். பிறகு தெரிந்தால் ஒவ்வொரு நாளும் "என்னத்த மறைக்கிறாங்களோ" என்று பிள்ளை குரலை வைத்தே ஊகிக்கத் தொடங்கும். சொல்லுங்கள், கூடவே என்ன வைத்தியம் நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

வீடியோ அழைப்பு சிலருக்கு ஆறுதல், சிலருக்கு இன்னும் வலி. அடுப்படியும் திண்ணையும் கண்ணில் படும்போது அடைத்துக்கொண்டு வருகிறது என்றால் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போவதும் திரும்புவதும்

வாராவாரம் போகிறவருக்கு சேலம் ஊராகவே ஆகாது. வெள்ளிக்கிழமை மனசு இருக்காது, திங்கட்கிழமையும் இருக்காது. வாரத்தில் மூன்று நாளே மிஞ்சும். போகவே கூடாது என்று வைராக்கியம் பிடிப்பதும் உதவாது, ஒரு நாள் உடைந்து பெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். நான் சொல்வது மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அந்தத் தேதியை முன்பே நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பது. "போலாமா" என்ற கேள்விக்கு விடை ஏற்கனவே எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வி எழாது. வட்டமிடாத ஒரு வாரத்தில் தாங்க முடியவில்லை என்றால் பெற்றோரைச் சேலத்துக்கு வரச் சொல்லுங்கள். கோட்டை மாரியம்மன் கோயிலுக்கோ அண்ணா பூங்காவுக்கோ சேர்ந்து போங்கள். முழு நாள் இருந்தால் ஏற்காடு பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி வரலாம். உங்கள் அறையையும் நீங்கள் நடக்கிற தெருவையும் அவர்கள் பார்த்துவிட்டால், அடுத்த அழைப்பில் பேச்சு மாறும்.

திரும்புகிற நேரம்தான் பலரும் கோட்டை விடுகிற இடம். திங்கட்கிழமை விடியற்காலை முதல் பேருந்தில் ஏறி நேராக வகுப்புக்கு வருவார்கள். வீட்டில் ஒரு இரவு கூடுதலாகக் கிடைத்தது என்று கணக்கு. ஆனால் அந்த இரவு "நாளைக்குப் போகணுமே" என்பதிலேயே போகும், மூன்றரைக்கு எழுந்ததில் தூக்கமும் போகும், மஞ்சவாடி கணவாயைத் தாண்டும்போது வயிற்றைப் பிசையும், வகுப்பில் திங்கள் முழுக்கப் புள்ளிதான்.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்புங்கள். வெளிச்சம் இருக்கும்போதே விடுதிக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் பையைப் பிரித்துத் துணியை அடுக்கி, அம்மா கொடுத்த பொடியையும் ஊறுகாயையும் அலமாரியில் வையுங்கள். பிரிக்காத பை கட்டிலடியில் கிடந்தால் பாதி மனசு இன்னும் பயணத்தில் இருக்கும். கொண்டுவந்த முறுக்கை அறையில் எல்லோருக்கும் கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் ஒரே ஒரு இருபத்தைந்து நிமிடச் சுற்று, மிகச் சுலபமான வேலை. அன்றைக்குப் பாடத்தைப் பிடிப்பது நோக்கம் இல்லை, திங்கட்கிழமையை ஒரு நாள் முன்னால் தொடங்கிவைப்பது. அந்த மாணவிக்கு எல்லா மாற்றங்களிலும் பெரிதாக உதவியது இதுதான்.

ஆடி மாதத்தை முன்பே கணக்கில் வையுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வரும்போது சேலம் முழுக்க உடுக்கையும் கூழுமாக இருக்கும், விடுமுறையும் விடுவார்கள், விடுதி காலியாகும். ஜூனில் வந்தவருக்கு அது சரியாக இரண்டாவது மாதம். அந்த விடுமுறைக்கு ஊர் போவதா, உள்ளூர்த் தோழி வீட்டுக்குப் போவதா என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். காலி விடுதியில் தனியாக உட்கார்ந்து படித்துத் தள்ளிவிடலாம் என்ற திட்டம் பெரும்பாலும் பலிக்காது.

முடியாத நாளுக்கு

எவ்வளவு சரிசெய்தாலும் சில நாள் எழுந்ததிலிருந்தே பாரமாக இருக்கும். அந்த நாளுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவை முன்பே எழுதி வையுங்கள். அவளுடையது: இருபது கொள்குறி வினா, அதில் தப்பானதை நோட்டில் எழுதுவது, பத்தரைக்குப் படுக்கை. அவ்வளவுதான். விட்டுப்போன மணிநேரத்தை இரவு இரண்டு மணி வரை விழித்து ஈடுகட்டக் கூடாது. தூக்கம் குறைந்த மறுநாள் ஏக்கம் இரண்டு மடங்காகும், காலை ஐந்தரை என்ற நல்ல நேரமும் கையை விட்டுப் போகும்.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் புள்ளி வைக்கிற பழக்கத்தை ஒரு வாரம் மறுபடி செய்து பாருங்கள். புள்ளி முழுக்க மறைந்திருக்காது. மனசு போனாலும் சீக்கிரம் திரும்புகிறதா என்று பாருங்கள். அவளுக்கு ஆறு மணிப் புள்ளிகள் மிஞ்சியிருந்தன, ஆனால் இரண்டு சுற்றும் முடிந்திருந்தன.

இது ஊர் ஏக்கம்தானா

உங்களையே ஒன்று கேளுங்கள்: இதே புத்தகத்தை வீட்டில் வைத்துப் படித்தால் ஏறுமா? ஊருக்குப் போனபோது நன்றாகப் படிக்க முடிந்தது என்றால் இது ஊர் ஏக்கம், மேலே சொன்னது உதவும். அங்கேயும் ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். விருப்பமில்லாத படிப்பில் சேர்த்துவிட்டிருக்கலாம், ஆங்கில வழிப் பாடம் புரியாமல் இருக்கலாம், விடுதியில் யாராவது கேலி செய்யலாம், மிரட்டலாம். இதையெல்லாம் "ஊர் நெனப்பு" என்ற பேரில் மூடி வைத்தால் எந்த அட்டவணையும் நிற்காது. மிரட்டல் என்றால் அன்றே வீட்டுக்கும் கல்லூரிக்கும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் பேசினாலும், போய் வந்தாலும் கொஞ்சமும் தேறவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாகச் சாப்பாடும் தூக்கமும் இல்லை, பிடித்தது எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் படிப்பு முறையை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசகர்கள் இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. 104 எண்ணும் உண்டு. நேரில் பார்க்க வேண்டுமானால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் அந்த நிமிடமே அறையில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், பிறகு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 14416-க்கு அழையுங்கள். பிள்ளை இப்படிச் சொன்னதாகக் கேள்விப்படுகிற பெற்றோர் "தைரியமா இரு" என்று போனில் சொல்லிவிட்டு வைக்காமல், அன்றைக்கே கிளம்பிச் சேலம் வாருங்கள்.